ஏழு முறை தவறினால்

வாரத்துக்கு இரண்டு முறை கூடும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 104 முறை. ஆணுறை இல்லை, மாத்திரை இல்லை, காப்பர் டி இல்லை. விந்து வருவதற்கு முன் கணவர் விலகிக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்த 104இல் 97 முறை சரியாக விலகிவிட்டார். ஏழு முறை மட்டும் சற்றுத் தாமதமாகிவிட்டது. கேட்டால், “நாங்க எப்பவும் ஜாக்கிரதையாத்தான் இருப்போம்” என்றுதான் சொல்வார். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரிப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். மாதச் சுழற்சியில் ஏதோ ஒரு நாளில், எந்தத் தடுப்பும் இல்லாமல், ஒரே ஒருமுறை கூடினால் கருத்தரிக்கும் வாய்ப்பு சராசரியாக 100க்கு 3 என்று அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும் 2001இல் கணித்தார்கள். கரு நிற்க இடமுள்ளவை கருமுட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான். மற்ற நாட்களில் வாய்ப்பு அநேகமாக இல்லை. எல்லா நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்ததால்தான் எண் இவ்வளவு சிறியதாகத் தெரிகிறது. ஒருமுறை தவறினால் தப்பிக்க 97 சதவீத வாய்ப்பு. இரண்டாம் முறை அந்த 97இல் 97 சதவீதம். இப்படி ஏழு முறை குறைத்துக்கொண்டே போனால் மிஞ்சுவது 80 சொச்சம். மீதி 20 சதவீதம் கர்ப்பம். அமெரிக்காவில் இந்த முறையை நம்பியிருக்கும் பெண்களில் முதல் வருடத்தில் கருத்தரிப்பவர்கள் 100க்கு 20 பேர் என்று கருத்தடை நூல்கள் தரும் எண்ணும் இதேதான்.

என் கணக்கு தோராயமானது. தாமதமான விலகலை முழுமையான கூடலுக்குச் சமமாக அது எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் ஒரு விஷயத்தை அது காட்டிவிடுகிறது. ஐந்தில் ஒருவர் தோற்பதற்குப் பெரிய அலட்சியம் எதுவும் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைக்குச் சற்று அதிகமாகத் தவறினாலே போதும்.

அந்தத் தவறு ஏன் நேர்கிறது? மன உறுதி இல்லாததால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடல் இயங்கும் விதத்தைப் பார்த்தால் பழியை அங்கே போடத் தோன்றாது.

விந்து வெளியேறுவது ஒரே நிகழ்ச்சி போலத் தோன்றினாலும் அதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் எதுவும் வெளியே வருவதில்லை. விரைக்கு மேல் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் குழாயின் வால்பகுதியில் சேமிக்கப்பட்ட விந்தணுக்கள், விந்துக்குழாய் வழியாக மேலே தள்ளப்படுகின்றன. புராஸ்டேட் சுரப்பி தன் நீரைச் சேர்க்கிறது. எல்லாம் சிறுநீர்ப் பாதையின் பின்பகுதியில் வந்து கூடுகின்றன. சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக மூடிக்கொள்கிறது. “வந்துவிட்டது” என்று ஆணுக்குத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். அதாவது எச்சரிக்கை மணி அடிக்கும்போது சரக்கு ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. அடுத்த சில நொடிகளில் இரண்டாம் கட்டம்: இடுப்புத் தளத் தசைகள் சுமார் 0.8 நொடிக்கு ஒருமுறை சுருங்கி அதை வெளியே பீச்சுகின்றன. இந்தக் கட்டத்தைத் தண்டுவடம் தானாகவே நடத்துகிறது. மூளை வேண்டாம் என்றாலும் நிறுத்த முடியாது.

ஆகவே, விலக வேண்டிய நேரம் அந்த உணர்வு வந்த பிறகல்ல, அதற்கும் முன்னால். ஆனால் வரப்போவதன் எல்லை எது என்பதை முன்கூட்டியே கணிப்பது பழக்கத்தால் மட்டுமே கைகூடும். களைப்போ, குடியோ, நெடுநாள் பிரிவோ குறுக்கிட்டால் அந்தக் கணிப்பும் பொய்க்கும்.

இதைவிடப் பொல்லாத ஒன்று உண்டு. விந்து முழுக்க ஒரே கலவையாக வருவதில்லை. முதலில் வரும் பங்கு புராஸ்டேட் நீரும் விந்தணுக்களும். விந்தணுக்கள் மிக அடர்த்தியாக இருப்பது அதில்தான். பிறகு வருவது பெரும்பாலும் விந்துப் பைகளின் நீர். மொத்த அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதுவே. ஆனால் அணுக்கள் இதில் குறைவு. கண்ணால் அளவைப் பார்த்து, “முக்கால்வாசி வெளியேதான் போச்சு, கொஞ்சம்தான் உள்ளே” என்று நிம்மதி அடைபவர்கள் தவறான பொருளை அளக்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் அணுக்கள் அதிகம். அரை நொடி தாமதம் என்பது அரைகுறைத் தோல்வி அல்ல, பெரும்பாலும் முழுத் தோல்வியே.

இனி, எல்லோரும் பயப்படும் அந்தத் துளிக்கு வருவோம். கிளர்ச்சியின்போது, விந்துக்கு வெகு முன்பே, நிறமற்ற வழவழப்பான நீர் சில துளிகள் கசியும். பட்டாணி அளவுள்ள இரண்டு கௌப்பர் சுரப்பிகள் தருவது இந்த முன்கசிவு. சிறுநீர் வெளியேறும் பாதையின் அமிலத்தன்மையைக் குறைத்து, வழுக்கலைத் தருவது அதன் வேலை. இந்தச் சுரப்பிகள் விந்தணுவை உண்டாக்குவதில்லை. அப்படியானால் அதில் விந்தணு இருக்குமா, இருக்காதா?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இஸ்ரேலில் 2003இல் 12 ஆண்களிடம் சோதித்தபோது ஒருவரிடமும் விந்தணு இல்லை. பிரிட்டனில் 2011இல் ஸ்டீபன் கில்லிக் குழுவினர் 27 ஆண்களிடமிருந்து 40 மாதிரிகள் எடுத்தார்கள். 11 பேரிடம் விந்தணு இருந்தது. அவர்களில் 10 பேரிடம் நீந்தும் அணுக்களே இருந்தன. தாய்லாந்தில் 2016இல் 42 பேரைச் சோதித்தபோது ஏறக்குறைய ஆறில் ஒருவரிடம் உயிர்ப்புள்ள அணுக்கள் தென்பட்டன. எல்லாமே சிறிய ஆய்வுகள். ஆனால் பிரிட்டன் ஆய்வில் ஒரு விவரம் என்னை யோசிக்க வைத்தது. ஒரே ஆணிடம் வெவ்வேறு நாட்களில் எடுத்தபோது, இருப்பவரிடம் ஒவ்வொரு முறையும் இருந்தது. இல்லாதவரிடம் ஒருமுறையும் இல்லை. அது அந்தந்த உடலின் வாகு. ஆகவே பத்து வருடம் இந்த முறையிலேயே ஓட்டிவிட்ட நண்பரின் அனுபவம் அவருடைய உடலைப் பற்றித்தான் சொல்கிறது, கேட்பவரின் உடலைப் பற்றி அல்ல.

“சிறுநீர் கழித்துவிட்டால் கழுவிப் போய்விடும்” என்பது பரவலான நம்பிக்கை. முன்பு வந்த விந்தின் மிச்சம் பாதையில் இருந்தால் அது ஓரளவு உதவலாம். ஒரே இரவில் இரண்டாம் முறை என்றால் கழித்துவிட்டு வருவது நல்லதுதான். ஆனால் மேற்சொன்ன பிரிட்டன் ஆய்வில் பங்கேற்றவர்கள் முந்தைய விந்து வெளியேற்றத்துக்குப் பிறகு பலமுறை சிறுநீர் கழித்தவர்கள். அப்படியும் பத்துப் பேரிடம் நீந்தும் அணுக்கள் இருந்தன.

இருந்தாலும் பயத்தை அதன் அளவில் வைக்க வேண்டும். ஒருமுறைகூடத் தாமதிக்காமல் விலகுபவர்களின் மனைவியரில் வருடத்துக்கு 100க்கு 4 பேர் கருத்தரிக்கலாம் என்பது நிபுணர்களின் மதிப்பீடு. அளந்து கண்டதல்ல, யோசித்துச் சொன்னது. அதை 104 கூடல்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு முறைக்கும் ஆபத்து 2,500இல் ஒன்று. தாமதித்த ஒருமுறைக்கோ ஏறக்குறைய 30இல் ஒன்று. முன்கசிவு முழுக்கக் குற்றமற்றது அல்ல. ஆனால் விலகல் முறை தோற்பதற்கு முதல் காரணம் அந்தத் துளி அல்ல, கடைசி நொடி. துளியைக் குறைசொல்வது வசதியாக இருக்கிறது, ஏனென்றால் அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இந்த முறையை ஏளனம் செய்வதும் சரியில்லை. ஆணுறையே நடைமுறையில் வருடத்துக்கு 100க்கு 13 பேரைக் கைவிடுகிறது, இது 20. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. துருக்கியில் 2013இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் மணமான பெண்களில் நான்கில் ஒருவர் இதைத்தான் நம்பியிருந்தார். மற்ற எந்த ஒரு முறையையும்விட இதுவே அதிகம். இந்தியாவில் விலகல், நாள் பார்ப்பது போன்ற பழைய முறைகளைச் சொல்பவர்கள் 2015–16 குடும்பநலக் கணக்கெடுப்பில் சுமார் 6 சதவீதம். 2019–21இல் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். பாதுகாப்பைக் கைவிட்டவர்கள் என்று இவர்களை ஒதுக்குவதற்கில்லை. செலவில்லாத, மருந்தில்லாத, கடையில் கேட்டு வாங்கத் தேவையில்லாத ஒன்றை அவர்கள் தேர்ந்திருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் இதற்கு எந்த உடல்நோயும் தடையில்லை. நன்கு உறுதியுடன் கடைப்பிடிக்கக் கூடியவர்கள், சமய நம்பிக்கையால் வேறு முறை வேண்டாம் என்பவர்கள், வேறு முறை கையில் வரும்வரை தற்காலிகமாக ஒன்று தேவைப்படுபவர்கள், எப்போதாவது மட்டும் கூடுபவர்கள் ஆகியோருக்குப் பொருந்தலாம் என்று அது சொல்கிறது. என் பார்வையில் பொருந்துபவர்களையும் பொருந்தாதவர்களையும் பிரிக்கும் கேள்வி ஒன்றுதான்: நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்? “இன்னும் ஒரு வருடம் கழித்துப் பெறலாம் என்று இருந்தோம், இப்போதே வந்தாலும் சரி” என்று சொல்லக்கூடிய தம்பதிக்கு இது நியாயமான தேர்வு. 45ஐத் தாண்டி, கருத்தரிக்கும் வாய்ப்பே வெகுவாகக் குறைந்த பெண்ணுக்கும் ஓரளவு பொருந்தும். ஆணுறையோடு சேர்த்தோ, வளமான நாட்களில் முழுக்கத் தவிர்த்தோ செய்பவர்களின் நிலை இன்னும் மேல்.

பொருந்தாதவர்கள் யார் என்பது அதைவிடத் தெளிவு. கர்ப்பமே உயிருக்கு ஆபத்தாகும் இதயநோய் உள்ள பெண், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் அல்லது மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற, கருவைச் சிதைக்கும் மருந்து எடுப்பவர், இனி குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்தவர், விந்து முந்துதல் உள்ள ஆண், துணையின் உடல்நலம் தெரியாத புதிய உறவில் இருப்பவர். பால்வினை நோய்களுக்கு இது தடுப்பே அல்ல. முன்கசிவில் எச்ஐவி கிருமி இருப்பது 1990களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிட்டது. இன்னொன்றும் உண்டு: இந்த முறையில் பிரேக் முழுக்க ஆணின் காலடியில். விளைவு பெண்ணின் வயிற்றில். கணவர் விலகாவிட்டால் வாய்விட்டுக் கேட்க முடியாத வீட்டில் பெண் தன் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய காப்பர் டியோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியோ அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.

விலகல் முறையை வைத்துக்கொள்பவர்கள் தவறிய நாளுக்கான ஏற்பாட்டையும் முன்பே செய்துவைக்க வேண்டும். 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இது கேட்டவுடன் கிடைப்பதில்லை என்பதால், தேவைப்படும் இரவில் தேடிக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. ஐந்து நாட்களுக்குள் காப்பர் டி பொருத்திக்கொண்டால் அது மாத்திரையைவிட உறுதியாகக் காக்கும். மாத்திரை எடுத்தபின் நாள் தள்ளிப்போவது வழக்கம்தான். அதற்காக மறுநாளே சிறுநீர்ப் பரிசோதனை செய்து ஒரு கோடு பார்த்து நிம்மதி அடைய முடியாது. தவறிய நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் செய்த பரிசோதனையைத்தான் நம்பலாம்.