ஒரே கடிகாரத்தில் அசையும் கடல்

1996இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கெமான் விளையாட்டின் கதை தொடங்கும் சிற்றூருக்கு ஆங்கிலப் பதிப்பில் பாலட் டவுன் என்று பெயர். ஊரின் தெற்கு ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அதில் இறங்கித் தெற்கே போனால் சிறிது நேரத்தில் திரையில் பெரும்பகுதி கடலாகிவிடும். கேம் பாய் என்ற அந்தச் சின்னக் கருவியின் நான்கு சாயல் திரையில் கடல் முழுவதும் ஒரே சீராக வலப்பக்கம் நகர்ந்து, பிறகு இடப்பக்கம் திரும்பும். எங்கும் ஒரு கீறல் தெரியாது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று முந்துவதும் இல்லை.

இது பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால் இன்று அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான கணினியில் புதிதாக கேம் எழுதிப் பழகுகிறவர்களின் ஏரிகளில் தண்ணீர் அடிக்கடி துண்டுதுண்டாக வெட்டுகிறது. வேகம் கூடியதால்தான் இந்தக் கோளாறே வந்தது என்றுகூடச் சொல்லலாம். கேம் பாயில் அந்தத் தவறைச் செய்யவே வசதி கிடையாது.

கேம் பாய் தன் திரைப் பின்னணியை முழுப் படமாக வைத்துக்கொள்வதில்லை. 160க்கு 144 பிக்சல் கொண்ட திரையை அது 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. அகலத்தில் 20, உயரத்தில் 18, ஆக 360 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் ஓர் எண் மட்டுமே இருக்கும். ‘இங்கே 20ஆம் டைல்’ என்பதுதான் அந்த எண் சொல்லும் தகவல். டைலின் படம் வேறோர் இடத்தில், 16 பைட் அளவில், ஒரே ஒரு பிரதியாக இருக்கிறது. எண்களால் ஆன இந்த வரைபடம்தான் டைல்மேப். போக்கெமானின் வெளிப்புறக் காட்சிகளில் 20ஆம் எண் தண்ணீருக்கு உரியது. கடலில் இருநூறு கட்டங்கள் தெரிந்தாலும் அத்தனையும் அந்த 16 பைட்டைத்தான் பார்க்கின்றன.

விளையாட்டின் இயந்திர நிரலை ரசிகர்கள் வரிவரியாகப் பிரித்து, மனிதர் படிக்கும் வடிவில் வைத்திருக்கிறார்கள். அதில் தண்ணீரை அசைக்கும் பகுதி ஒரு பக்கம்கூட வராது. கருவி விநாடிக்குச் சுமார் 60 முறை திரையை வரைகிறது. நிரல் அதை எண்ணிக்கொண்டே வந்து, 20ஆம் முறையில் தண்ணீர் டைலின் 16 பைட்டுகளையும் ஒரு பிக்சல் அளவுக்குச் சுழற்றுகிறது. வலது ஓரத்தில் விழும் பிக்சல் அதே வரிசையின் இடது ஓரத்தில் வந்து சேரும். நான்கு முறை வலப்பக்கம், நான்கு முறை இடப்பக்கம். அவ்வளவுதான்.

இப்படிச் சுழற்றுவதில் ஒரு நயம் இருக்கிறது. ஒரு கட்டத்தின் வலது ஓரத்திலிருந்து வெளியேறும் பிக்சல் உண்மையில் அதன் இடது ஓரத்துக்குத்தான் போகிறது. ஆனால் பக்கத்துக் கட்டத்திலும் அதே படம் அதே கணத்தில் சுழல்வதால், அந்தப் பிக்சல் எல்லை தாண்டி அங்கே நுழைந்ததாகவே கண் எடுத்துக்கொள்கிறது. எனவே ஒட்டுத் தெரிவதில்லை. இதெல்லாம் நடப்பது, ஒரு திரை வரைந்து முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கிடைக்கும் சுமார் 1.1 மில்லிவிநாடி இடைவெளியில். அதனால் பாதிக் கடல் பழைய நிலையிலும் மீதிக் கடல் புதிய நிலையிலும் திரைக்கு வருவதில்லை. ஊரில் ஆடும் பூக்களுக்கும் தனிக் கடிகாரம் கொடுக்கவில்லை. தண்ணீருக்கு அடுத்த முறையில், தண்ணீர் எண்ணி வைத்த அதே எண்ணைப் பார்த்துத்தான் பூவும் தன் படத்தை மாற்றிக்கொள்கிறது.

இங்கே அசைவு கட்டத்துக்குச் சொந்தமில்லை, படத்துக்குச் சொந்தம். இன்றைய நிரல்களில் கோளாறு தொடங்குவது இது தலைகீழாகும்போதுதான்.

இப்போது நினைவகம் தாராளமாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் பொருளாக எழுதி, அதற்குள்ளேயே ஒரு கடிகாரத்தையும் வைத்துவிட முடியும். எழுதுகிறவருக்கு அது இயல்பாகவும் படும். ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். தண்ணீருக்கு நான்கு படங்கள். கணினி வழக்கப்படி அவற்றை 0 முதல் 3 வரை எண்ணுவோம். ஒவ்வொன்றும் 200 மில்லிவிநாடி நிற்கும், ஆக ஒரு சுற்றுக்கு 800. ஆட்டம் தொடங்கும்போது ஏரியின் மேற்குப் பாதி மட்டும் நினைவகத்துக்கு வருகிறது. ஆட்டக்காரர் நடந்து நெருங்கியபின், 5,300ஆவது மில்லிவிநாடியில், கிழக்குப் பாதி வந்து சேருகிறது. மேற்குக் கட்டங்கள் ஆறு சுற்று முடித்து ஏழாவது சுற்றில் 500 மில்லிவிநாடி கடந்துவிட்டன. அவை 2ஆம் படத்தில் நிற்கின்றன. கிழக்குக் கட்டங்களின் கடிகாரம் அப்போதுதான் பூஜ்யத்திலிருந்து கிளம்புகிறது. ஏரியின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு விழுந்துவிடும். ஆட்டம் முடியும்வரை அது போகாது. திரைக்கு வெளியே போன கட்டங்களின் கடிகாரத்தை வேலை மிச்சம் என்று நிறுத்திவைக்கும் நிரல்களிலும் இதே கதிதான்.

மருந்து ஒரே வரியில் இருக்கிறது.

```
frame = floor(t / d) mod n
```

`t` என்பது ஆட்டம் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம், `d` ஒரு படம் நிற்கும் நேரம், `n` படங்களின் எண்ணிக்கை. கட்டம் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கேட்டபோது கணக்குப் போட்டுச் சொல்கிறது. 5,300ஐ 200ஆல் வகுத்தால் முழு எண் 26. அதை 4ஆல் வகுத்தால் மீதி 2. இப்போது வந்த கட்டமானாலும் முதலிலிருந்தே இருக்கும் கட்டமானாலும் விடை 2தான்.

இதற்குப் பிறகும் ஒரு பொறி உண்டு. கணக்கு ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு கட்டத்தை வரையும்போதும் நிரல் புதிதாக மணி பார்த்தால் என்ன ஆகும்? பெரிய ஏரியை வரைய ஓரிரு மில்லிவிநாடி பிடிக்கும். முதல் சில வரிசைகள் வரையப்படும்போது மணி 5,399. அடுத்த வரிசைக்கு வரும்போது 5,400. மேல் பாதிக்கு 2ஆம் படம், கீழ்ப் பாதிக்கு 3ஆம் படம். விநாடியின் அறுபதில் ஒரு பங்கு மட்டும் ஏரி குறுக்கே கிழிந்து, உடனே சேர்ந்துகொள்ளும். எப்போதாவதுதான் நேரும் என்பதால் பிடிபடுவது கடினம். சோதித்தவர் சொன்னாலும் எழுதியவர் நம்பமாட்டார். ஒவ்வொரு திரை வரைதலின் தொடக்கத்திலும் ஒரே ஒரு முறை மணி பார்த்து, அந்த எண்ணையே எல்லாக் கட்டங்களுக்கும் கொடுத்தால் இது ஒழிந்தது.

கோளாறு இருக்கிறதா என்று அலைப் படத்தை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிப்பது வீண் வேலை. அலைகளே வேறுபாட்டை மறைத்துவிடும். நான்கு படங்களையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு, அந்த இடங்களில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என வெறும் வண்ணக் கட்டங்களை வைத்து ஓடவிட வேண்டும். ஏரி முழுவதும் ஒரே வண்ணமாக மாறி மாறி வந்தால் சரி. எங்காவது மாற்று நிறத்தில் பட்டை தெரிந்தால், அந்தப் பட்டையின் ஓரமே எங்கே தேட வேண்டும் என்று காட்டிவிடும். நினைவகத்தில் தனித்தனியாக ஏறும் பகுதிகளின் எல்லையோடு அது பொருந்தினால் முதல் வகைக் கோளாறு. இடம் மாறி மாறிப் பளிச்சிட்டால் இரண்டாவது வகை.

கரையோர டைலை மறந்துவிடக் கூடாது. தண்ணீருக்கு 800 மில்லிவிநாடிச் சுற்றும், நுரை மோதும் கரைக்கு மூன்று படங்களில் 600 மில்லிவிநாடிச் சுற்றும் வரைந்திருந்தால், இரண்டும் 2,400க்கு ஒருமுறைதான் ஒன்றாகத் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் அலை ஒரு பக்கம், நுரை ஒரு பக்கம். இதை நிரலால் சரிசெய்ய முயல்வதைவிட, ஓவியரிடம் கரைக்கும் நான்காவது படம் ஒன்று கேட்டு வாங்குவதே மேல்.

தண்ணீர் விதி தீப்பந்தத்துக்கு அப்படியே பொருந்தாது. நிலவறைச் சுவரில் வரிசையாக இருக்கும் பந்தங்கள் எல்லாம் ஒரே கணத்தில் தாவி ஒரே கணத்தில் தணிந்தால், சுவருக்குப் பின்னால் யாரோ சுவிட்சைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஆக, பந்தங்கள் முன்பின்னாக எரிய வேண்டும். அதற்காகத் தனித்தனிக் கடிகாரம் வேண்டியதில்லை. பொதுக் கடிகாரத்தோடு, இடத்தைப் பொறுத்து மாறாத ஒரு தொகையைக் கூட்டினால் போதும்.

```
frame = floor((t + offset) / d) mod n
```

அந்தத் தொகையை எப்படித் தேர்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பந்தத்துக்கு மூன்று படங்கள், ஒவ்வொன்றும் 150 மில்லிவிநாடி, சுற்று 450 என்று கொள்வோம். நான்கு கட்டத்துக்கு ஒன்றாக, `x` 3, 7, 11, 15 என்ற இடங்களில் பந்தங்கள். `y` எல்லாவற்றுக்கும் 5. `x`ஐ 137ஆலும் `y`ஐ 241ஆலும் பெருக்கிக் கூட்டி, 450ஆல் வகுத்த மீதியை எடுத்தால் கிடைப்பவை 266, 364, 12, 110. பார்க்கக் கலைந்த எண்களாகத் தெரிகின்றன. ஆனால் 450ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யம் என்று வைத்து எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக 98. கோயில் திருவிழா சீரியல் செட்டில் வெளிச்சம் ஓடுவது போல நெருப்பு சுவர் நெடுக ஓடும். எந்தப் பெருக்கல் எண்ணை மாற்றினாலும், சம இடைவெளியில் இருக்கும் பந்தங்களுக்கு இப்படிச் சம வித்தியாசம்தான் வரும்.

எனவே கைக்கு வந்தபடி கலைத்த ஏழு எண்களை எழுதி வைத்துக்கொள்வது எளிது: 0, 60, 190, 340, 400, 280, 130. `x`ஓடு `y`யின் மும்மடங்கைக் கூட்டி, 7ஆல் வகுத்த மீதியைக் கொண்டு பட்டியலில் எடுக்க வேண்டும். இங்கேயும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்துதான். மேற்படி நான்கு பந்தங்களுக்கும் 400, 60, 280, 190 கிடைக்கும். வித்தியாசங்கள் 110, 220, 360. ஓட்டம் தெரியாது.

பந்தம் இரண்டு கட்ட உயரமாக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. அடிக்கட்டம் `y` 5இல், சுடரின் நுனி 4இல். இரண்டும் தத்தம் இடத்தை வைத்துக் கணக்கிட்டால் அடிக்கு 400, நுனிக்கு 60. ஆட்டம் தொடங்கும் கணத்திலேயே அடியில் 2ஆம் படம், நுனியில் 0ஆம் படம். சுடர் நடுவில் முறிந்து நிற்கும். நுனியும் அடிக்கட்டத்தின் இடத்தையே தன் இடமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். பந்தத்தைச் சுற்றி விழும் வெளிச்ச வட்டத்துக்கும் அப்படியே.

பெரும்பாலோர் இதையெல்லாம் கையால் எழுதுவதில்லை, மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆனால் எதைத் தொட்டால் எது கெடும் என்று தெரிந்திருப்பது நல்லது. வரைபடம் தயாரிக்கும் டைல்டு மென்பொருளில் அசைவை டைலின் படத்தொகுப்பில்தான் எழுத முடியும், கட்டத்தில் எழுத இடமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தை மில்லிவிநாடியில் கொடுக்கிறோம். கோடோவின் நான்காம் பதிப்பில் `Random Start Times` என்றொரு தேர்வு இருக்கிறது. ஒரு கட்டப் பந்தத்துக்கு அது வரம். தண்ணீருக்கு அதைப் போட்டால் ஏரி சிதறிவிடும். யூனிட்டியின் அசையும் டைலில் வேகத்துக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டிலும் வெவ்வேறு எண்களைப் போட்டால் ஒவ்வொரு கட்டமும் இடையில் ஏதோ ஒரு வேகத்தை எடுத்துக்கொண்டு, நேரம் போகப் போகப் பக்கத்துக் கட்டத்திலிருந்து விலகிக்கொண்டே போகும். தண்ணீர் டைலுக்கு இரண்டு பெட்டியிலும் ஒரே எண்ணைப் போட வேண்டும்.