வாங்கி வரவா, கையெழுத்துப் போடவா?

டெண்டர் கைநழுவிப் போன திருப்பூர் நிறுவனம் ஒன்று, முன்வைப்புத் தொகைக்காகக் கொடுத்த வங்கி உத்தரவாதத்தின் அசலைச் சென்னை அலுவலகத்திலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர் இதற்காக ரயிலேற மாட்டார். கணக்குப் பிரிவு ஊழியர் அதிகாரக் கடிதத்தோடு போவார்.

கவுன்ட்டரில் இருப்பவருக்கு முதல் கேள்வி, கடிதத்தில் கையெழுத்திட்டவர் யார் என்பது. டெண்டரில் கையெழுத்திட்ட அதே இயக்குநர் என்றால், கோப்பைப் புரட்டி ஒப்பிட்டுக்கொள்வார். வேறொருவர் என்றால், அவருக்கு அந்த அதிகாரம் தந்த இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலைக் கேட்பார். அடுத்தது, வந்தவர் அடையாளம். நம் ஊர் இனிஷியல் சிக்கல் இங்கேதான் தலைகாட்டும். கடிதத்தில் 'ச. முருகன்', ஆதாரில் 'முருகன் சண்முகம்' என்றிருந்தால் திருப்பி அனுப்ப அதுவே போதும். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதி, ஊழியரின் மாதிரிக் கையெழுத்தைக் கடிதத்திலேயே வாங்கி, அதற்குக் கீழே இயக்குநர் சான்றளித்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

'எங்கள் சார்பில் எல்லாப் பணிகளையும் செய்ய' என்று எழுதுவது பலருக்கு வழக்கம். எனக்கு அது சோம்பேறித்தனமாகவே படுகிறது. டெண்டர் எண், உத்தரவாத எண், தேதி, தொகை ஆகியவற்றைக் குறித்து, 'அதன் அசலைப் பெறவும், பெற்றதற்கு ஒப்புகைக் கையெழுத்திடவும் மட்டும்' என்று எழுதினால் போதும். எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் வேண்டும்.

அந்த 'மட்டும்' ஏன் தேவை? நீட்டப்படும் ஒப்புகைத் தாளில், 'இந்த டெண்டர் தொடர்பாக எங்களுக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி அச்சாகியிருக்கலாம். காகிதம் வாங்க வந்தவர் அதில் கையெழுத்திட்டால், நிறுவனத்தின் உரிமையையே விட்டுக்கொடுத்ததாக வாதம் எழும். கடிதத்தில் எல்லை தெளிவாக இருந்தால், ஊழியர் அங்கேயே நிறுத்தி இயக்குநருக்கு போன் செய்யலாம்.

நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தங்களிலேயே கையெழுத்திடுவது இதைவிடப் பெரிய அதிகாரம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, முக்கிய நிர்வாகப் பொறுப்பில் உள்ளவரோ, இயக்குநர் குழு அதிகாரமளித்த அலுவலரோ ஊழியரோ கையெழுத்திடலாம். அப்படி அதிகாரம் பெற்ற மேலாளர், லீவில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தானாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதாது. மாற்றிக் கொடுக்கும் அனுமதி தீர்மானத்திலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. கையெழுத்திடுபவர் இயக்குநரின் கையெழுத்தைப் போல் போட்டுவிடவும் கூடாது. நிறுவனத்தின் பெயருக்குக் கீழே தன் கையெழுத்து, தன் பெயர், தன் பதவி என்பதே முறை.

ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டாலும், நகல் எதிர்த்தரப்பின் கோப்பில் இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு, முகவரின் அதிகாரம் முடிந்தது மூன்றாம் நபருக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை முடிவுக்கு வரும் என்கிறது. அதனால் ரத்துக் கடிதத்தைப் பழைய கடிதம் போன ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அனுப்பி, நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.