ஆளி விதைப் பொடியில் பெயின்ட் வாடை

கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் லின்சீட் ஆயிலும், ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் எண்ணெயும் ஆளி விதையிலிருந்து பிழிந்தவைதான். பூசிய சில நாட்களில் இந்த எண்ணெய் காய்ந்து இறுகிவிடும். தண்ணீரைப் போல அது ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது. ஓவியருக்கு உதவும் இந்தக் குணம்தான் சமையலறையில் ஆளி விதைப் பொடியைச் சிக்கு வாடை அடிக்க வைக்கிறது.

100 கிராம் ஆளி விதையில் ஏறக்குறைய 40 கிராம் எண்ணெய் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒமேகா-3 வகைக் கொழுப்பு. எதை நம்பி இந்த விதையை வாங்குகிறோமோ, அதுதான் ஆக்சிஜனிடம் முதலில் பலியாகிறது. விதை முழுதாக இருக்கும்வரை அதன் தோல் காவல் காக்கும். ஈரமில்லாத இடத்தில் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. மிக்ஸியில் ஓட்டியதும் அந்தக் காவல் உடைந்துவிடுகிறது. எண்ணெய் முழுவதும் காற்றுக்குத் திறந்துகிடக்கிறது, அரைக்கும்போது எழும் சூடும் சேர்ந்துகொள்கிறது.

பீனட் பட்டர் இவ்வளவு அவசரமாகக் கெடாது. நிலக்கடலையில் ஒமேகா-3 அநேகமாக இல்லை. இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி மெதுவாகக் கெடும் வகை. எள்ளில் கெடுதலைத் தடுக்கும் பொருட்கள் இயல்பாகவே உள்ளதால் எள் விழுதும் ஓரளவு தாங்கும். வால்நட் விழுதை மட்டும் ஆளி விதையின் பக்கத்தில் வைக்க வேண்டும். விழுதின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடுகிறார்கள். அது வெறும் பிரிதல், கிளறிவிட்டால் போதும்.

கெட்டதைக் கண்டுபிடிக்க மூக்கு நல்ல கருவிதான், ஆனால் தாமதமாகச் சொல்லும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்ததும் முதலில் உண்டாகும் பொருட்களுக்கு வாடையே கிடையாது. அவை உடைந்த பிறகுதான் பச்சைப் புல் போன்ற வாடை எழும். பிறகு பெயின்ட் வாடை வரும். நாக்கில் வைத்தால் தொண்டையில் காறும். ஆளி விதைக்கு இயல்பிலேயே லேசான கசப்பு உண்டு என்பதால் கசப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் முகர்ந்து பார்ப்பதும் சரியல்ல. குளிரில் வாடை எழும்பாது. ஒரு ஸ்பூன் பொடியைச் சிறு கிண்ணத்தில் போட்டு, மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை வையுங்கள். முழு விதையில் ஒரு சிட்டிகை எடுத்து அப்போதே நசுக்கி இன்னொரு கிண்ணத்தில் வையுங்கள். முதலில் புதியது, பிறகு பழையது என்று முகருங்கள். பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். நிலக்கடலைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சுக்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்புகளை அரைப்பதற்கு முன்பே பொறுக்கிவிட வேண்டும். மூக்கு அங்கே உதவாது.

ஃப்ரிட்ஜ் கெடுதலை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. ஏற்கெனவே சிக்கு வாடை அடித்ததை அது திருத்தவும் செய்யாது. நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த ஜாடியை அடிக்கடி திறந்தால் உள்ளே நீர் முத்துக் கோத்து, பொடி கட்டிப்படும். பூஞ்சைக்கும் வழி திறக்கும். வேண்டியதை எடுத்த கையோடு மூடி உள்ளே வைத்துவிட வேண்டும். அடிக்கடி வெப்பக்காற்று படும் கதவுத் தட்டு இதற்கு ஏற்ற இடமல்ல, உள்தட்டுதான் நல்லது. பெரிய ஜாடியில் அரைவாசி நிரப்பினால் மீதி இடமெல்லாம் காற்றுதான். சிறிய ஜாடியில் வாய்வரை நிரப்புங்கள்.

இருவர் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் தினமும் சாப்பிட்டால் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் பொடி செலவாகும். அந்த 100 கிராமை மட்டும் விட்டு விட்டு, சூடேறாமல் அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். மீதி முழு விதையாகவே இருக்கட்டும். அடுத்த வாரப் பொடியைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். ஜாடியின் அடியில் ஒட்டியிருக்கும் கெட்ட எண்ணெய் புதியதையும் வேகமாகக் கெடுக்கும். கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

பெயின்ட் வாடை வந்த பொடியைச் சப்பாத்தி மாவில் கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எந்தச் சத்துக்காக வாங்கினோமோ அது குறைந்துபோய், கெட்ட எண்ணெய்தான் மிஞ்சியிருக்கிறது. குப்பையில் போட்டுவிடுங்கள்.