ஒன்பது கிணறுகளும் ஒரு மெயிலும்

"மதிப்பிற்குரிய அம்மா, நான் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. என் ப்ராஜெக்ட் சம்பந்தமாகத் தங்களைச் சந்திக்க விரும்புகிறேன். தயவுகூர்ந்து நேரம் ஒதுக்கித் தருமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

இந்த மெயிலில் மரியாதைக்குக் குறைவில்லை, பிழையும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடிக்கும் பேராசிரியருக்கு எதுவும் தெரிந்திருக்காது. வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா? ஐந்து நிமிடப் பேச்சா, அரை நாள் வேலையா? இந்த வாரமே பார்க்க வேண்டுமா, அடுத்த மாதம் பார்த்தால் போதுமா? அவர் திருப்பிக் கேட்க வேண்டும், மாணவி பதில் எழுத வேண்டும், அதற்குள் நான்கு நாள் ஓடிவிடும்.

இதில் மாணவியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முறையாக எழுதப் பழகுவது பெரும்பாலும் ஒரே ஒரு கடிதம்தான்: விடுமுறை விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், ஐயா, காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு, இப்படிக்கு. அது ஒரு மனு. மனுவில் காரணத்தைச் சுருக்கிப் பணிவை நீட்டினால் போதும். கைடுக்கு எழுதும் மெயிலுக்கோ அந்தச் சட்டை பொருந்தாது. கைடு என்பவர் அனுமதி வழங்கும் அதிகாரி மட்டுமல்ல. வேலையில் பாதிப் பொறுப்பு அவருக்கும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு முனைவர் பட்ட மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முதுநிலை ப்ராஜெக்ட்டுகள், வகுப்புகள், தேர்வுத்தாள்கள். "என் ப்ராஜெக்ட்" என்றால் எது என்று அவருக்கு நினைவு வருவதற்கே ஒரு நிமிடம் ஆகும்.

ஒரு கேஸை எடுத்து விரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மாணவி கற்பனை, எண்களும் எடுத்துக்காட்டுக்காக. சிக்கல் மட்டும் நீர் ஆய்வு செய்யும் கல்லூரி லேப்களில் நிஜமாக வருவது.

அவருடைய தலைப்பு, தருமபுரி மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. அந்த மாவட்டத்துக்கு இது பழைய துயரம். பாறையிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடு, பல்லில் பழுப்புக் கறையாகத் தொடங்கி எலும்பு வரை போகும். ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மாணவி ஜனவரியில் மூன்று முறை ஊர்ப்பக்கம் போய் 48 கிணறுகளில் நீர் எடுத்தார். ஃபுளோரைடு மட்டுமல்லாமல் கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், சல்ஃபேட் ஆகியவற்றையும் அளந்தார். பிறகு எல்லோரும் செய்யும் சரிபார்ப்பைச் செய்தார். தண்ணீருக்கு மொத்தத்தில் மின்சுமை கிடையாது. ஆகவே நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் தராசுத் தட்டுகள்போலச் சமமாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் வரும் பிழை, பொதுவாக 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. 39 மாதிரிகள் அதில் தேறின. ஒன்பது தேறவில்லை. ஒரு கிணற்றில் நேர்மின் பக்கம் 12.0, எதிர்மின் பக்கம் 10.2. வித்தியாசம் 1.8, மொத்தம் 22.2, பிழை 8.1 சதவீதம்.

மார்ச் முதல் வாரம். ஏப்ரல் 30ஆம் தேதி தீசிஸ் சமர்ப்பிக்க வேண்டும். இந்த நிலையில்தான் பலர் மேலே பார்த்த "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" மெயிலை அனுப்புகிறார்கள். அல்லது "80 சதவீத வேலை முடிந்துவிட்டது" என்று எழுதிவிட்டு, ஒன்பது கிணற்றை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று மறைத்து வைக்கிறார்கள். 80 சதவீதம் என்பது எதன் சதவீதம் என்று எந்த கைடுக்கும் தெரியாது. அது மீட்டர் ரீடிங் இல்லை, ஆறுதல்.

நம் மாணவி எழுதியது இது. நடைமுறையில் இத்தகைய மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. எந்த மொழியானாலும் எலும்புக்கூடு ஒன்றே என்பதால் தமிழில் தருகிறேன்.

பொருள்: ஃபுளோரைடு ப்ராஜெக்ட் – 9 மாதிரிகள் குறித்த முடிவு – 20 நிமிடச் சந்திப்பு, மார்ச் 6 அல்லது 7

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிலத்தடி நீர் ஃபுளோரைடு பற்றிய என் முதுநிலை ப்ராஜெக்ட்டில் ஒரு முடிவெடுக்கத் தங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. 48 மாதிரிகளில் 9இல் அயனிச் சமநிலைப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டுகிறது (6.2 முதல் 9.4 வரை). ஒன்பதிலும் நேர்மின் பக்கமே கூடுதல். இவற்றை நீக்கிவிட்டு 39ஐ வைத்து எழுதலாமா, மீண்டும் போய் நீர் எடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

ஒன்பதும் இரண்டாம் பயணத்தில் எடுத்தவை. அந்தப் பயணத்தின் 16 மாதிரிகளுக்கும் பைகார்பனேட் அளக்க நான்கு நாள் தாமதமானது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற 7 மாதிரிகள் சரியாகவே வந்துள்ளன.

இதுவரை முடிந்தவை: ஃபுளோரைடு அளவீடு 48க்கும் முடிந்தது, 19 கிணறுகளில் 1.5ஐத் தாண்டுகிறது. முன்னாய்வுகள் பற்றிய இயல் பிப்ரவரி 10 அன்று தங்களிடம் தந்தேன். தாங்கள் சொன்ன திருத்தங்களைச் செய்துவிட்டேன். ஆய்வு முறை இயல் எழுதி முடித்தாயிற்று. முடிவுகள் இயல் மேற்கண்ட கேள்வியால் நிற்கிறது.

மீண்டும் நீர் எடுப்பதானால் களத்தில் இரண்டு நாளும் லேபில் ஒரு வாரமும் ஆகும். மார்ச் 15க்குள் தொடங்கினால் ஏப்ரல் 30க்குள் முடிக்க முடியும்.

வியாழன் அல்லது வெள்ளி காலை 11 மணிக்கு மேல் தங்களுக்கு வசதிப்படும் நேரத்தில் வருகிறேன். 48 கிணறுகளின் அட்டவணையை இணைத்துள்ளேன். அந்த 9 வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் இட்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
(பெயர், பதிவு எண், கைப்பேசி எண்)

பொருள் வரியிலிருந்தே கவனியுங்கள். "ப்ராஜெக்ட் தொடர்பாக" என்று போட்டிருந்தால் அது நூறு மெயில்களுக்கு நடுவே காணாமல் போயிருக்கும். இங்கே என்ன ஆய்வு, என்ன தேவை, எத்தனை நிமிடம், எப்போது என்பதெல்லாம் திறக்காமலே தெரிந்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

கெட்ட செய்தி முதல் பத்தியிலேயே வந்துவிட்டது. நல்ல செய்தி மூன்றாம் பத்திக்குப் போனது. நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்; முதலில் சாதித்ததைச் சொல்லிப் பிறகு மெல்ல இழுப்பதுதான் வழக்கம். ஆனால் கேள்வி என்ன என்று தெரிந்த பிறகு படித்தால்தான் முன்னேற்ற விவரம் கைடுக்குப் பயன்படும். நிற்பது எது, நிற்காமல் ஓடுவது எது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியும்.

முன்னேற்றத்தைச் சொன்ன விதத்திலும் சதவீதம் இல்லை. அளந்தாயிற்று, தந்தாயிற்று, திருத்தியாயிற்று, நிற்கிறது. ஒவ்வொன்றும் கைடு கேட்டால் எடுத்துக் காட்டக்கூடிய பொருள். "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தச் சொல்லுக்கு ஒரு வரி எழுதியவரும் ஒளியலாம், ஒன்றுமே எழுதாதவரும் ஒளியலாம்.

இணைப்பும் ஒன்றே ஒன்று. முழு தீசிஸையும் `thesis_final_final2.docx` என்ற பெயரில் அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்கள் மேடம்" என்று எழுதுபவர்கள் உண்டு. எண்பது பக்கத்தில் எதைப் பார்ப்பது?

அன்று மாலையே பதில் வந்தது: "வியாழன் 11.30க்கு வரவும். அதற்குள் ஒன்று பார்த்து வைக்கவும். 16க்கும் தாமதம் என்றால் 7 மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அந்த 9 கிணறுகளும் எந்த மாதிரி இடத்தில் இருக்கின்றன?"

மெயிலின் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. தன் ஊகத்துக்கு எதிரான தகவலையும் மாணவி மறைக்காமல் எழுதியிருந்தார்: மற்ற 7 சரியாக வந்தன என்று. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கைடு முடிச்சை அவிழ்த்துவிட்டார். மாணவி களக்குறிப்பைப் புரட்டினார். ஒன்பதும் தோட்டத்துத் திறந்த கிணறுகள். பக்கத்திலேயே உரமிட்ட வயல், மாட்டுத் தொழுவம். மற்றவை போர்வெல்கள். அவர் அளக்காமல் விட்ட எதிர்மின் அயனி ஒன்று இருந்தது: நைட்ரேட். உரத்திலிருந்தும் சாணக்குழியிலிருந்தும் இறங்குவது அது. 8.1 சதவீதப் பிழை காட்டிய கிணற்றில் குறைந்த 1.8ஐ நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்குச் சுமார் 112 மில்லிகிராம் வருகிறது. குடிநீர்த் தரநிலையின் வரம்பு 45. தோட்டக் கிணற்றுக்கு இது நடவாத அளவில்லை.

வியாழக்கிழமை பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்தது. ஜனவரி பாட்டிலில் மிஞ்சிய நீரில் இப்போது நைட்ரேட் அளக்க முடியாது; பதப்படுத்தாமல் குளிரில் வைத்தாலும் இரண்டு நாளுக்குள் அளந்தாக வேண்டிய சரக்கு அது, நுண்ணுயிர்கள் மாற்றிவிடும். மார்ச்சில் அளந்த நைட்ரேட்டை எடுத்து ஜனவரி எண்களோடு ஒட்டுப்போடவும் கூடாது. அப்படியானால் ஒன்பது கிணறுகளுக்கு மட்டும் போய், எல்லா அயனிகளையும் புதிதாக அளந்து, அட்டவணையில் மாதத்தைக் குறிப்பிட வேண்டும். ஆனால் ஃபுளோரைடு இயலில் 48ஐயும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இந்தத் தராசில் வெறும் 0.1தான் நிறுக்கும். பெரிய அயனிகளுக்கான தராசு தப்பென்று சொன்னதால் ஃபுளோரைடு அளவு தப்பாகிவிடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் அது வாரக்கணக்கில் மாறாமல் இருக்கும். நீக்குவதா வேண்டாமா என்று மாணவி ஒற்றைக் கேள்வியாகக் கேட்டது, இயலுக்கு ஒன்றாக இரண்டு பதில்களாகப் பிரிந்தது.

அன்று பிற்பகல் அவர் இன்னொரு மெயில் அனுப்பினார், நான்கே வரி. "இன்று பேசியபடி: 1.5ஐத் தாண்டும் 19 கிணறுகள் என்ற முடிவு மாறவில்லை. 9 திறந்த கிணறுகளில் மார்ச் 11, 12 தேதிகளில் நீர் எடுக்கிறேன். நைட்ரேட்டை மறுநாளே அளக்கிறேன். முடிவுகள் இயலை ஏப்ரல் 5 அன்று தருகிறேன். நான் ஏதேனும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லவும்."

பதிலுக்கு ஒரு வரி வந்தது: "பாட்டிலில் தேதியோடு நேரத்தையும் எழுதவும்."