ஆசை குறைவதற்குத் தைராய்டும் காரணமாகலாம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் சுழற்சி முறையில் பணிபுரியும் ஆண்கள் சிலர், தாம்பத்திய உறவில் நாட்டம் குறைந்துவிட்டதாகக் கூறும்போது இரவுப் பணியின் களைப்பையே காரணமாகச் சொல்கின்றனர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் நாம் அம்முடிவுக்கு வருவதில்லை.

38 வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓராண்டாக ஆசை இல்லை, விறைப்பும் தளர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை பலன் தரவில்லை. கிளர்ச்சி எழுந்த பின்னர் இரத்த ஓட்டத்தைப் பெருக்குவதே அம்மாத்திரையின் வேலை. ஆசையை அது உண்டாக்காது. விசாரித்தால் மலச்சிக்கல், வறண்ட தோல், பிறருக்கு இல்லாத குளிர் உணர்வு ஆகியவையும் அவருக்கு உண்டு. பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 70, அது ஏறத்தாழ 4-க்குள் இருத்தல் வேண்டும். 20-க்குள் இருக்க வேண்டிய புரோலாக்டின் 42. டெஸ்டோஸ்டிரோனோ குறைவு.

மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். தைராய்டு ஹார்மோன் குறையும்போது, அதைத் தூண்டுவதற்காக மூளை ஒரு ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியில் டி.எஸ்.எச்.-ஐ மட்டுமன்றிப் புரோலாக்டினையும் உயர்த்திவிடுகிறது. மிகுந்த புரோலாக்டின், விதைகளுக்கு மூளையிலிருந்து செல்லும் கட்டளையைத் தடுக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, முதலில் ஆசையும் பின்னர் விறைப்பும் தளர்கின்றன.

ஆகவே இவருக்குப் புரோலாக்டினைக் குறைக்கும் மருந்தை உடனே தருவது முறையன்று. தைராய்டு குறைபாட்டினால் பிட்யூட்டரி வீங்கி, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி போலத் தோன்றுவதும் உண்டு. லெவோதைராக்சின் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுபரிசோதனை செய்வோம். டி.எஸ்.எச். சீரானால் புரோலாக்டினும் பெரும்பாலும் இறங்கிவிடும். நாட்டம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம்.

இறங்காவிட்டால், உட்கொள்ளும் பிற மருந்துகளைக் கேட்போம். வயிற்று உபாதைக்கான டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு, மனநலத்திற்கான ரிஸ்பெரிடோன் ஆகியவை புரோலாக்டினை உயர்த்தும். வயிற்று மாத்திரைதானே என்று பலர் அதைக் குறிப்பிடுவதே இல்லை! மனநல மருந்தை மட்டும் தாமாக நிறுத்தலாகாது. புரோலாக்டின் 200-ஐக் கடந்தாலோ, தலைவலியுடன் பக்கவாட்டுப் பார்வை மங்கினாலோ எம்.ஆர்.ஐ. தேவை. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சையின்றி, கேபர்கோலின் மாத்திரையாலேயே சுருங்குகின்றன.

உறக்கத்தில் புரோலாக்டின் இயல்பாகவே உயரும். எனவே இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர், விழித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் தருவது நன்று. தைராய்டு மாத்திரையை விழித்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காபிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுக. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.