சட்டை சரி, கைதான் தப்பு!

பள்ளி ஆண்டு விழாவில் நகைச்சுவை நாடகம் போட்டிருக்கிறீர்களா? முதல் காட்சிக்கு அரங்கமே குலுங்கிச் சிரிக்கும். மூன்றாவது காட்சி வருவதற்குள் பின்வரிசையில் பேச்சுச் சத்தம் தொடங்கிவிடும். நடிப்பவர்கள் அதே ஆட்கள், வேடிக்கையும் அதே வேடிக்கை. அப்புறம் ஏன் சிரிப்பு வரவில்லை?

அதே வேடிக்கையாக இருப்பதுதான் காரணம். வகுப்பில் மின்விசிறியைப் போட்டதும் கடகட என்ற சத்தம் காதில் விழும். கொஞ்ச நேரம் கழித்து அது கேட்பதே இல்லை. விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாறாமல் திரும்பத் திரும்ப வருவதை மூளை கவனிக்காமல் ஒதுக்கிவிடுகிறது. இதைப் பழகிப்போதல் என்கிறோம். சிரிப்புக்கும் இந்த விதிதான். அதனால் நாடகம் எழுதுபவர்கள் ஒரே ஒரு கிறுக்குத்தனத்தை எடுத்துக்கொண்டு, காட்சிக்குக் காட்சி அதை ஒரு படி மேலே ஏற்றுவார்கள்.

ஒரு தையல் கடைக்குப் போய்ப் பார்ப்போம். பல நாடுகளில் வெகு காலமாகச் சொல்லப்படும் ஒரு துணுக்கு இது. நாம் அதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வோம்.

முதல் காட்சி. மணி புதுச் சீருடையைப் போட்டுப் பார்க்கிறான். வலது கை 2 அங்குலம் நீளமாகத் தொங்குகிறது. டெய்லர் மாமா கழுத்தில் கிடந்த டேப்பை எடுக்கிறார். சட்டையை அளக்கவில்லை, மணியின் கையை அளக்கிறார். “சட்டை கரெக்டா இருக்கு தம்பி. உன் கைதான் ரெண்டு இஞ்ச் குறையுது!” நாடகத்தின் விதை இந்த ஒரு வரிதான்: சட்டை தப்பாகாது, உடம்புதான் தப்பு.

இரண்டாவது காட்சி. “மாமா, காலர் ஒரு பக்கமா இழுக்குதே?” என்கிறான் மணி. “தலையை இடது பக்கம் சாய்ச்சுக்கோ. வலது தோளை முன்னாடி தள்ளு. முட்டியை லேசா மடக்கு. ஆங்... இப்ப பாரு, அளவெடுத்த மாதிரி இருக்கு!”

மூன்றாவது காட்சி. மணி அப்படியே கோணிக்கொண்டு தெருவில் நடக்கிறான். “ஐயோ பாவம், இந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?” என்கிறார் ஒரு பாட்டி. பக்கத்தில் இருந்தவரோ, “அதை விடுங்க. இப்படிப்பட்ட உடம்புக்கே எவ்வளவு பொருத்தமா தைச்சிருக்காங்க! எந்தக் கடை?” என்கிறார்.

நான்காவது காட்சி. ஊரே அந்தக் கடையில் தைத்துவிட்டது. பள்ளி மைதானத்தில் “அட்டென்ஷன்!” என்றதும் மொத்த வகுப்பும் இடது பக்கம் சாய்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மட்டும் நேராக நிற்கிறான். உடற்பயிற்சி ஆசிரியர் ஓடி வருகிறார்: “ஒழுங்கா நில்லுப்பா!”

என்ன வளர்ந்தது என்று பாருங்கள். முதலில் ஒரு கை, பிறகு முழு உடம்பு, பிறகு தெரு, கடைசியில் ஊர். சட்டை தப்பாகாது என்ற விதை மட்டும் கடைசி வரை மாறவே இல்லை. இரண்டாவது காட்சியில் இன்னொரு கையும் 3 அங்குலம் நீளம் என்று எழுதியிருந்தால், படி ஏறியது போலவே இருக்காது. கடைக்குள் திடீரென ஒரு யானை நுழைந்தால்? அது பெரிய சம்பவம்தான். ஆனால் சட்டைக்கும் யானைக்கும் தொடர்பில்லை, வேறு ஏதோ கதை ஆகிவிடும்.

இன்னொன்றும் வேண்டும். “மாமா, இழுக்குதே!” என்று மணி உண்மையாகவே வருத்தப்பட வேண்டும். எல்லோரும் கிறுக்கர்களாக இருந்தால் எது கோணல், எது நேர் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அந்த நாடகத்துக்கு மணிதான் டேப்பு. நான்காவது காட்சியில் மணியும் சாய்ந்து பழகிவிட்டான். அதனால்தான் அங்கே நேராக நிற்கும் புதுப் பையன் தேவைப்பட்டான்.

லாரலும் ஹார்டியும் 1929-இல் நடித்த ‘பிக் பிசினஸ்’ என்ற ஊமைப் படத்திலும் இதே ஏற்றத்தைப் பார்க்கலாம். இருவரும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போகிறார்கள். வாங்க மறுத்த வீட்டுக்காரர் அவர்களுடைய மரத்தை வெட்டுகிறார். பதிலுக்கு இவர்கள் அவருடைய வீட்டில் கைவைக்கிறார்கள். பதிலுக்குப் பதில் என்பதுதான் விதை. படம் முடியும்போது ஒரு பக்கம் வீடு பாழ், மறுபக்கம் இவர்களுடைய கார் பாழ்!

நீங்கள் எழுதிய நாடகம் படி ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. காட்சிகளைத் தனித்தனித் தாளில் எழுதுங்கள். இரண்டாவதையும் நான்காவதையும் இடம் மாற்றி, நண்பர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நாடகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, திருத்தி எழுதுங்கள். “என்னடா, முன்னுக்குப் பின் முரணா இருக்கே!” என்று அவர்கள் சொன்னால், உங்கள் நாடகம் மேடை ஏறலாம்.