மாத்திரை அட்டைக்கு ஒரு மதிப்புரை

வடிவமைப்பு படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர், முதியவர்களுக்காக மாத்திரை அட்டையை மாற்றி அமைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்தால், ஓரத்தில் அச்சிட்ட காலாவதித் தேதி மீதி அட்டையோடு போய்விடுகிறது. அவரோ ஒவ்வொரு மாத்திரையின் பின்னும் தேதியை அச்சிட்டார்.

ஆசிரியரின் குறிப்பு அங்கேதான் தொடங்க வேண்டும். வெறும் ‘நன்று’ போதாது. “கடையில் நின்று கவனித்ததால்தான் இது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது, இந்த யோசனையைக் கைவிடாதீர்கள்” என்றால், எதைக் காப்பாற்றுவது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்தது கசப்பு. தேதி, வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது; வெள்ளைமேல் தூய மஞ்சள் 1.1:1-ஐக்கூடத் தொடாது. திரைக்கான கணக்குதான், ஆனாலும் அச்சுக்கும் அது நல்ல எச்சரிக்கை. ‘நிறம் பிடிக்கவில்லை’ என்பது ரசனை. இந்த எண் சான்று.

இன்னும் கடினமான ஒன்று: அட்டையைச் சோதித்தவர்கள் எல்லாரும் விடுதித் தோழிகள். இதை மழுப்பக் கூடாது. “எழுபதைத் தாண்டிய ஐந்து பேரிடம், அவர்கள் வீட்டு விளக்கொளியிலேயே கொடுத்து, தேதியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதுவரை ‘முதியவர்களுக்கானது’ என்று அறிக்கையில் எழுத முடியாது.” இந்தக் குறிப்பு மதிப்பெண்ணோடு வந்தால் வீண், திருத்த நாள் இருக்கும்போதே கைக்குப் போக வேண்டும்.